‘விலகுகிறேன்’ என்று எழுதிவிடாதீர்கள்: தோட்டத்துக்குள் பிரிவு மாற்றம் கேட்கும் மின்னஞ்சல்

ஊவா தோட்டங்களின் தேயிலைத் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள் எல்லோரும் அந்த மண்ணிலேயே வளர்ந்தவர்கள் அல்லர். 1977இலும் 1983இலும் மலையகத்தில் நடந்த வன்முறைகளுக்குப் பயந்து பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு பக்கம் போயின. 1983 ஆடியில் பதுளை நகரமும் எரிந்தது. அப்படிப் போனவர்களில் சிலர், 2009இல் வன்னியில் எல்லாவற்றையும் இழந்து முகாமிலிருந்து வெளியே வந்தபின், பசறை, மடுல்சீமை, அப்புத்தளை என்று உறவினர் இருந்த தோட்டங்களைத் தேடித் திரும்பி வந்தார்கள். உடம்பில் ஷெல் துண்டுகளோடும் சரியாகப் பொருந்தாத எலும்புகளோடும் வந்தவர்களும் அவர்களில் உண்டு.

கிடைத்த வேலையை எடுத்துக்கொண்டு பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடியிருக்கும். நாற்பது வயது தாண்டும்போது அந்தப் பழைய காயம் மறுபடி பேசத் தொடங்குகிறது. வேலையை விடவும் முடியாது, அதே வேலையைச் செய்யவும் முடியாது. அப்போது செய்யக்கூடியது ஒன்று: அதே கம்பனிக்குள், அதே தோட்டத்தில், உடம்புக்கு ஏற்ற வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்பது. இன்று பல கம்பனிகளில் அந்தக் கோரிக்கை கொழும்புத் தலைமை அலுவலகத்தின் மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சலாகப் போக வேண்டியிருக்கிறது.

அந்த மின்னஞ்சலில் வரும் சில சொற்கள் பல ஆண்டுச் சேவையையும் குடியிருக்கும் வீட்டையும் ஆபத்தில் தள்ளக்கூடியவை. அவற்றை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். இந்த உதாரணம் விளக்கத்துக்காக அமைத்தது, தனி ஒருவரின் கதை அல்ல.

ஓர் உதாரணம்

பசறைப் பக்கத் தோட்டம் ஒன்றின் தொழிற்சாலையில் 2014 மார்ச் முதல் நாட்சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 42. இடது முழங்காலில் 2009இன் காயம். அவருடைய வேலை பெரும்பாலும் மேல் மாடியில். அங்கேதான் கொழுந்தைத் தொட்டிகளில் பரப்பி வாட்டுவார்கள். வாட்டுவதற்கே ஏறத்தாழ 12 முதல் 16 மணி நேரம் பிடிக்கும் என்பதால் அந்த வேலை இரவிலும் தொடரும். விடியுமுன் வாடிய கொழுந்தைக் கீழே அரைக்கும் இயந்திரங்களுக்கு இறக்க வேண்டும். படியேறுவதும் சுமப்பதும் நிற்பதும்தான் அவருடைய நாள்.

அதே தொழிற்சாலையின் களஞ்சியத்தில் உதவியாளராக இருப்பவர் டிசம்பரில் ஓய்வுபெறப் போகிறார். பொதியிட்ட தேயிலையை வகை, நிறை, மூட்டைக் கணக்கோடு பதிந்து, இன்வொய்ஸ் இலக்கமிட்டு, கொழும்பு ஏலத்துக்குப் போகும் லொறியில் ஏற்றிவிடும் வேலை அது. சுமப்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். எண்ணிப் பார்த்து எழுதுவதுதான் உதவியாளரின் பொறுப்பு. நம்மவருக்கு பி.ஓ.பி.யையும் பி.ஓ.பி.எப்.ஐயும் பார்த்த மாத்திரத்தில் பிரிக்கத் தெரியும். கணினியில் எக்செல் தெரியாது. சிங்களம் பேசுவார், எழுத வராது.

அவர் கைத்தொலைபேசியில் முதலில் தட்டி வைத்திருந்தது இது:

> ஐயா, நான் யுத்தத்தில் காயப்பட்டவன். முள்ளிவாய்க்காலில் ஷெல் பட்டது. முழங்காலில் இன்னும் துண்டு இருக்கிறது. இனி என்னால் இந்த வேலை செய்ய முடியாது. ஆகவே தொழிற்சாலை வேலையிலிருந்து விலகி வேறு ஏதாவது வேலை தரும்படி தாழ்மையாகக் கேட்கிறேன். எங்கே போட்டாலும் போகத் தயார்.

இதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் நான்கு இடங்களில் அவர் தன்னையே விட்டுக்கொடுத்துவிடுகிறார்.

‘விலகி’ என்ற சொல்

முதலாவது, ‘வேலையிலிருந்து விலகி’. அவர் நினைப்பது பிரிவை மாற்றுவது. வாசிப்பவர் அதைப் பதவி விலகலாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. “அப்படியானால் விலகல் கடிதம் தாருங்கள், புதிய வேலைக்குப் புதிதாக விண்ணப்பியுங்கள்” என்று பதில் வந்தால் சேவை அங்கே அறுந்துபோகும்.

சேவை அறுந்தால் என்ன நட்டம்? 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்த நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகளைப் பூர்த்தி செய்தவருக்குப் பணிக்கொடை உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம். நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட் சம்பளம். கணக்கு எடுப்பது கடைசியாக வாங்கிய சம்பளத்தின்படி.

விளங்குவதற்காக நாட்சம்பளத்தை 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2025 ஒக்டோபரில் அவருக்கு 11 ஆண்டுகள் பூர்த்தி. 1,000 × 14 × 11 = 154,000 ரூபாய். இப்போது விலகினால் அந்த 11 ஆண்டுகளும் இன்றைய சம்பளத்திலேயே முடிந்துவிடும். சேவை அறாமல் போயிருந்தால், ஓய்வுபெறும் காலத்தில் சம்பளம் எவ்வளவு கூடியிருக்கிறதோ அந்த அளவில் இந்த 11 ஆண்டுகளும் கணக்கிடப்படும். புதிதாகச் சேர்ந்தபின் அடுத்த பணிக்கொடைக்கு மறுபடி ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். நாலரை ஆண்டு மட்டுமே சேவை உள்ள ஒருவர் இதே தவறைச் செய்தால் பணிக்கொடையே கிடைக்காது.

ஆகவே ‘விலகல்’ என்ற சொல் மின்னஞ்சலில் எங்கும் வரக்கூடாது. ‘சேவைத் தொடர்ச்சியுடன் பிரிவு மாற்றம்’ என்று எழுத வேண்டும்.

கடைசிச் சம்பளத்தில்தான் கணக்கு என்பதால் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நாட்சம்பளத்திலிருந்து மாதச் சம்பளத்துக்கு மாறும்போது, புதிய மாதச் சம்பளம் பழைய நாட்சம்பளத்தின் 28 மடங்குக்குக் கீழே இருந்தால், கடந்துபோன ஆண்டுகளுக்கான பணிக்கொடையும் சேர்ந்து இறங்கும். 1,000 ரூபாய் நாட்சம்பளக்காரருக்கு அந்த எல்லை 28,000 ரூபாய். களஞ்சிய வேலைக்கு மாதம் 25,000 ரூபாய் என்றால், 12,500 × 11 = 137,500 ரூபாய்தான். சுகமான வேலைக்கு மாறியதால் 16,500 ரூபாய் போய்விடுகிறது. முழங்காலுக்காக அதை ஏற்றுக்கொள்ளலாம் என்று ஒருவர் முடிவெடுக்கலாம். தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும்.

‘இனி என்னால் முடியாது’

இரண்டாவது தவறு இது. ‘இந்த வேலை செய்ய முடியாது’ என்று எழுத்தில் கொடுப்பது, ‘உடல்நிலையால் வேலைக்குத் தகுதியில்லை’ என்று சொல்ல நிறுவனத்துக்கு நாமே ஒரு தாள் கொடுப்பது போன்றது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனம், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதானால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். அதனால்தான் சில இடங்களில் “சும்மா ஒரு ஒப்பம் போடுங்கள்” என்று ஒரு தாளை நீட்டுவார்கள். வாசித்து விளங்காத எதிலும் ஒப்பமிடக்கூடாது. சம்மதக் கடிதம் கொடுத்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

இன்னொரு விடயமும் தெரிந்திருக்க வேண்டும். தனியார் கம்பனியில் பிரிவு மாற்றம் என்பது கேட்டவுடன் கிடைக்கும் சட்ட உரிமை அல்ல. தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் வேலையினால் வந்த காயத்துக்கானது, யுத்தக் காயம் அதில் அடங்காது. மாற்றம் தருவதும் தராததும் பெரும்பாலும் நிர்வாகத்தின் விருப்பம். அப்படியிருக்க, முடியாததை மட்டும் சொன்னால் பதில் சுலபமாக ‘இல்லை’ என்று வரும். முடியாதது எது, முடிந்தது எது என்று பிரித்துச் சொன்னால் எதிரே இருப்பவருக்கு யோசிக்க இடம் கிடைக்கும். ‘சுமையோடு படியேறுவது, இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து நிற்பது ஆகிய இரண்டையும் தவிர்க்கும்படி வைத்தியர் சொல்லியிருக்கிறார், மற்ற வேலைகளைச் செய்ய முடியும்’ என்று எழுதுவது அந்த வகை.

காயத்தின் கதை எவ்வளவு வேண்டும்?

மூன்றாவது, யுத்தத்தின் கதை. மின்னஞ்சல் ஒருவரிடம் மட்டும் நிற்காது. கொழும்பிலிருந்து தோட்டக் காரியாலயத்துக்கு வரும், அச்சிட்டுக் கோப்பில் போவார்கள், கிளாக்கர் வாசிப்பார். வன்னியில் இருந்தவர் என்றாலே இயக்கத்தில் இருந்தவரா என்று பார்க்கும் கண்கள் இன்னும் உண்டு. 2000 ஒக்டோபரில் பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் இருந்த தமிழர்கள் கும்பலால் கொல்லப்பட்டதை ஊவாத் தமிழர் மறக்கவில்லை. அதனால் பலர் கதை வெளியே தெரிந்துவிடும் என்று பயந்தே மாற்றம் கேட்காமல் வலியோடு வேலை செய்கிறார்கள்.

ஆனால் மாற்றம் கேட்பதற்கு அந்தக் கதை தேவையே இல்லை. காயம் எங்கே, எப்போது, எப்படி ஏற்பட்டது என்பது வேலைக்குச் சம்பந்தமில்லாதது. இன்று உடம்பு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதே சம்பந்தமுள்ளது. ‘இடது முழங்காலில் பழைய காயம்’ என்ற மூன்று நான்கு சொற்கள் உண்மையானவை, போதுமானவை. விரும்பிச் சொல்பவர் சொல்லலாம். சொல்லாமல் விடுவது பொய் சொல்வதாகாது.

ஒரு கவனம் மட்டும் வேண்டும். வைத்தியசாலையில் தரும் நோய் நிர்ணய அட்டையைப் படம்பிடித்து மின்னஞ்சலோடு இணைத்துவிட்டால், நாம் எழுதாமல் விட்ட கதை முழுக்க அதில் இருக்கும். அதற்குப் பதிலாக, பதுளை வைத்தியசாலை கிளினிக்கிலோ உங்களைப் பார்க்கும் வைத்தியரிடமோ தனியாக ஒரு வைத்தியச் சான்றிதழ் கேளுங்கள். “எந்த வேலையைத் தவிர்க்க வேண்டும், எவ்வளவு நேரம் நிற்கலாம், எவ்வளவு தூக்கலாம் என்று மட்டும் எழுதித் தாருங்கள் டொக்டர்” என்று கேட்டால் போதும்.

‘எங்கே போட்டாலும் போகத் தயார்’

நான்காவது தவறு பணிவினால் வருவது. ‘இடமாற்றம்’ என்றாலே கம்பனியின் வேறு தோட்டத்துக்கு அனுப்புவது என்றும் பொருள் வரும். பதுளையிலிருந்து நுவரெலியா மாவட்டத் தோட்டத்துக்கு மாற்றுக் கடிதம் வந்தால், லயத்து அறை என்னாகும்? பிள்ளைகளின் பாடசாலை? தோட்டத்தில் குடியிருப்பு வேலையோடு கட்டப்பட்டது. ஒருமுறை எல்லாவற்றையும் இழந்து வந்த குடும்பத்துக்கு அது சின்ன விடயமல்ல. ஆகவே ‘இதே தோட்டத்தில், இதே குடியிருப்பில் இருந்தபடி’ என்று தெளிவாக எழுத வேண்டும். ‘வேறு ஏதாவது வேலை’ என்றும் கேட்கக்கூடாது. எந்தப் பிரிவு, எந்த வேலை, அந்த இடம் எப்போது காலியாகிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

பயிற்சிக்குத் தயார் என்றால்

‘எதையும் கற்கத் தயார்’ என்ற வாக்கியத்தை மனிதவளப் பிரிவு தினமும் வாசிக்கிறது. அதை நம்ப வைப்பது விபரம்தான். எனவே எழுதுவதற்கு முன் இரண்டு நாள் அலைய வேண்டும். பதுளைத் தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையம் போன்ற இடங்களில் கணினிப் பாடநெறி எப்போது தொடங்குகிறது, வார இறுதியில் உண்டா, கட்டணம் என்ன, எந்த மொழியில் நடக்கிறது என்று கேட்டு வாருங்கள். மொழியை முதலில் கேளுங்கள். சிங்களத்தில் மட்டும் நடக்கும் வகுப்பில் சேர்ந்துவிட்டு இரண்டாம் வாரம் நின்றுபோனால், மின்னஞ்சலில் கொடுத்த வாக்கும் அதோடு போய்விடும்.

ஏற்கெனவே செய்துவரும் வேலைக்குச் சான்றிதழ் இல்லாதவர்கள் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழை வகுப்புக்குப் போகாமலே பெற ஒரு வழி உண்டு. முன்கற்றலை அங்கீகரித்தல் என்பது அதன் பெயர். வேலையில் கற்ற திறமையை மதிப்பீட்டாளர் வந்து பார்த்துச் சான்றிதழுக்குப் பரிந்துரைப்பார். அது உங்கள் வேலைக்கு உண்டா என்பதை தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையில் விசாரிக்கலாம்.

பயிற்சிக்காக நிறுவனத்திடம் கேட்பது சின்னதாகவும் குறிப்பாகவும் இருக்கட்டும். நம் உதாரணத்தில் அவர் கேட்பது, மூன்று மாதங்களுக்குச் சனிக்கிழமை பகலில் வேலையிலிருந்து விடுவிப்பு. கட்டணம் அவருடையது. ‘சம்பளமில்லாமல் வேலை பழகுகிறேன்’ என்று மட்டும் எழுத வேண்டாம். அப்படி எழுதினால் அந்தப் பழகும் காலம் நீண்டுகொண்டே போகும்.

எப்போது, யாரூடாக அனுப்புவது

ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தருவது ஜூலை முதல் செப்டெம்பர் வரையிலான வறண்ட காற்றுக் காலம். ஏலத்தில் நல்ல விலை எதிர்பார்க்கும் அந்த மாதங்களில் பழகிய கைகளைத் தொழிற்சாலையிலிருந்து விட எந்த டீமேக்கரும் சம்மதிக்க மாட்டார். ஓகஸ்டில் அனுப்பினால் ‘இல்லை’ என்ற பதில் கோப்பில் ஏறிவிடும். பிறகு அதை மாற்றுவது கஷ்டம். நம் உதாரணத்தில் உள்ளவர் ஒக்டோபர் வரை பொறுத்திருக்கிறார்.

அனுப்புவதற்கு முன் டீமேக்கரிடமும் துரையிடமும் நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். தன்னைத் தாண்டிக் கொழும்புக்கு எழுதினான் என்று துரை நினைத்தால், கொழும்பு அவரிடமே அபிப்பிராயம் கேட்கும்போது காரியம் கெட்டுவிடும். மின்னஞ்சலின் பிரதியை அவருக்கும் அனுப்புங்கள்.

திருத்திய மின்னஞ்சல் இது:

> பெறுநர்: மனிதவள முகாமையாளர், தலைமை அலுவலகம்
> பிரதி: தோட்ட முகாமையாளர், தொழிற்சாலை அதிகாரி
> பொருள்: பிரிவு மாற்றக் கோரிக்கை: தொழிற்சாலையிலிருந்து களஞ்சியத்துக்கு (சேமலாப நிதி இலக்கம் …)
>
> ஐயா / அம்மணி,
>
> நான் … தோட்டத் தொழிற்சாலையில் 2014 மார்ச் முதல் வேலை செய்கிறேன். டிசம்பரில் காலியாகவுள்ள களஞ்சிய உதவியாளர் இடத்துக்கு, இதே தோட்டத்தில், சேவைத் தொடர்ச்சியுடன் என்னை மாற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.
>
> எனது இடது முழங்காலில் பழைய காயம் உள்ளது. சுமையோடு படியேறுவதையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து நிற்பதையும் தவிர்க்கும்படி வைத்தியர் அறிவுறுத்தியுள்ளார். சான்றிதழை இணைத்துள்ளேன். மற்ற வேலைகளைச் செய்ய முடியும்.
>
> 11 ஆண்டு வேலையில் தேயிலை வகைகளைப் பிரித்தறியவும் நிறை பார்க்கவும் பொதியிடவும் பழகியுள்ளேன். கணினிப் பதிவு இன்னும் தெரியாது. அதற்காக ஜனவரியில் பதுளையில் தொடங்கும் மூன்று மாதச் சனிக்கிழமை வகுப்பில் எனது செலவில் சேர விரும்புகிறேன். அந்த நாட்களில் பகல் வேலையிலிருந்து விடுவிப்பு மட்டும் தேவை. சிங்களம் பேசுவேன், எழுதக் கற்று வருகிறேன்.
>
> மூன்று மாதம் பரீட்சார்த்தமாக வேலை செய்யத் தயார். அது பொருந்தாவிட்டால் தொழிற்சாலையில் எனக்கு ஏற்ற வேலைக்குத் திரும்ப அனுமதிக்கும்படியும், புதிய வேலையின் சம்பள விபரத்தை முன்கூட்டியே அறியத் தரும்படியும் கேட்டுக்கொள்கிறேன். இது பற்றித் தோட்ட முகாமையாளரிடம் நேரில் பேசியுள்ளேன்.
>
> இப்படிக்கு,
> (பெயர், பிரிவு, தொலைபேசி இலக்கம்)

சேமலாப நிதி இலக்கத்தைப் பொருளிலேயே போடுவதற்குக் காரணம் உண்டு. ஒரே பெயரில் பலர் உள்ள கம்பனியில் அந்த இலக்கத்தை வைத்துத்தான் உங்கள் கோப்பை எடுப்பார்கள். தலைமை அலுவலகத்தில் தமிழ் வாசிப்பவர் இல்லையென்றால், தெரிந்த ஆசிரியர் ஒருவரைக் கொண்டு சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மாற்றி, இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். மொழிமாற்றத்தில் ‘விலகல்’ என்ற அர்த்தம் நுழைந்துவிடவில்லையா என்று இன்னொருவரிடம் வாசிக்கக் கொடுத்துப் பாருங்கள்.

அனுப்பிய பிறகு

2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டப்படி, மின்னஞ்சல் என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஆவணத்தைச் செல்லாது என்று தள்ள முடியாது. ஆகவே அனுப்பியதை அழிக்காதீர்கள். ஓர் அச்சுப் பிரதியைத் தோட்டக் காரியாலயத்தில் கொடுத்து, இன்னொரு பிரதியில் திகதியும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் அதே மின்னஞ்சலின் தொடர்ச்சியாக இரண்டே வரியில் நினைவூட்டுங்கள். புதிதாக எழுதினால் பழைய திகதி பின்னுக்குப் போய்விடும்.

‘சம்மதம்’ என்ற பதில் வந்தாலும் கடிதத்தில் மூன்று விடயங்களைத் தேடுங்கள். சேவை ஆரம்பத் திகதி 2014 மார்ச் என்றே இருக்கிறதா? சேமலாப நிதி இலக்கம் பழையதுதானா? சம்பளம் எவ்வளவு, நாளுக்கா மாதத்துக்கா? திகதி புதிதாக இருந்தாலோ புதிய இலக்கம் தந்திருந்தாலோ சேவையை அறுத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்க இடமுண்டு. ஒப்பமிடுவதற்கு முன் எழுத்தில் கேளுங்கள். தொழிற்சங்கத்திடமோ பதுளைத் தொழில் அலுவலகத்திடமோ அந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.

‘இல்லை’ என்று வந்தால், அந்தப் பதிலையும் வைத்தியச் சான்றிதழையும் சேர்த்து வைத்திருங்கள். மாடி வேலையை மட்டும் மாற்றி, கீழே சலிக்கும் அறையிலோ பொதியிடும் இடத்திலோ இருந்து செய்யும் வேலை கேட்பது அடுத்த படி. அதற்குக் கொழும்பு வரை போகத் தேவையில்லாமல் டீமேக்கரே முடிவெடுக்கக்கூடும். அவர் வாயால் ஒப்புக்கொண்டாலும், ‘இன்றிலிருந்து இந்த வேலையைச் செய்யும்படி சொன்னீர்கள், நன்றி’ என்று அதே மின்னஞ்சலின் கீழ் ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். நாளை டீமேக்கர் மாறினாலும் அந்த வரி இருக்கும்.